ஒரு மில்லி ஆம்பியரில் டயோடின் தடை எவ்வளவு?

ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 1N4148 டயோடு ஒன்று. மூன்றையும் தொடராக இணைத்து, டயோடின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 0.61 வோல்ட் காட்டும். மீதி 8.39 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழுகிறது. அப்படியானால் சுற்றில் ஓடுவது ஏறத்தாழ 1.02 மில்லி ஆம்பியர்.

இந்த டயோடின் தடை எவ்வளவு என்று கேட்டால், ஓம் விதி படித்த எவரும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, கிட்டத்தட்ட 600 ஓம் என்று சொல்லிவிடுவார்கள். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அதே டயோடின் மேல் ஒரு சின்ன ஒலி அலையை ஏற்றிப் பாருங்கள். அந்த அலைக்கு அது வெறும் 45 ஓம் ரெசிஸ்டராகவே தெரியும். பதின்மூன்று மடங்கு வித்தியாசம்! சிற்றலைத் தடை என்பது இந்த இரண்டாவது எண்தான்.

காரணம் டயோடின் உள்ளே இருக்கிறது. பி, என் என்ற இரு வகை சிலிக்கான்கள் சேரும் சந்திப்பில் மின்துகள்களுக்கு ஒரு தடுப்பு மேடு உருவாகிறது. வெப்ப அசைவால் அதிக ஆற்றல் பெற்ற சில துகள்களே அதைத் தாண்டும். முன்னோக்கு மின்னழுத்தம் கொடுத்தால் மேடு தாழ்கிறது. மேடு சம அளவில் தாழும் ஒவ்வொரு முறையும், தாண்டும் கூட்டம் அதே மடங்கில் பெருகுகிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போல. வில்லியம் ஷாக்லி 1949-இல் பி-என் சந்திப்பு பற்றிய தம் கட்டுரையில் வகுத்த இந்த அடுக்குக்குறி விதியை இன்று பின்வருமாறு எழுதுகிறார்கள்:

```
I = Is · (exp(V / (n·VT)) − 1)
```

இதில் VT என்பது வெப்ப மின்னழுத்தம். அது வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது; நம் ஊர் அறை வெப்பத்தில் 26 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். Is என்பது ஒவ்வொரு டயோடுக்கும் மாறும் மிக நுண்ணிய மின்னோட்டம். கடைசியில் கழிக்கப்படும் 1, முன்னோக்கு மின்னோட்டம் நன்றாக ஓடும்போது கணக்கில் சேராத அளவுக்குச் சிறியது. மிச்சம் இருப்பது n. தொந்தரவு முழுவதும் அதில்தான். அதற்குப் பிறகு வருவோம்.

இந்த விதி சொல்வதைப் பேச்சு வழக்கில் சொன்னால் கணக்கு எளிதாகிவிடும். n·VT 46 மில்லிவோல்ட் என்று கொள்வோம். மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் கூடினால், ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் தன்னில் 46-இல் ஒரு பங்கு கூடும். ஒரு மில்லி ஆம்பியர் ஓடினால் கூடுவது சுமார் 0.022 மில்லி ஆம்பியர். ஒரு மில்லிவோல்ட்டை 0.022 மில்லி ஆம்பியரால் வகுத்தால் ஏறத்தாழ 45 ஓம் வருகிறது. சுருக்கமாக,

```
rd = n·VT / I
```

இதில் Is காணாமல் போய்விட்டதைக் கவனியுங்கள். டயோடின் முனையில் 0.61 வோல்ட் இருக்கிறதா 0.58 இருக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. எவ்வளவு மின்னோட்டத்தில் டயோடை நிறுத்தி வைக்கிறோமோ, அதுவே தடையைத் தீர்மானிக்கிறது. பத்தில் ஒரு பங்காக, 0.1 மில்லி ஆம்பியரில் நிறுத்தினால் தடை 460 ஓம். 10 மில்லி ஆம்பியரில் 4.6 ஓம். சுற்று வடிவமைப்பவர் கையில் இருக்கும் திருகு இதுதான்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் n என்பதை 1 என்று வைத்து, ‘26-ஐ மில்லி ஆம்பியரால் வகு’ என்று முடித்துவிடுகின்றன. நம் 1N4148-க்கு அது 25 ஓம் என்று விடை தரும். உண்மையில் கிடைப்பதில் பாதிதான். சந்திப்பின் நடுப்பகுதியிலேயே துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து அழிவதை ஷாக்லியின் முதல் கணக்கு சேர்க்கவில்லை. சா, நாய்ஸ், ஷாக்லி மூவரும் 1957-இல் அதைச் சேர்த்தபோது, அந்த மின்னோட்டத்துக்கு n ஏறத்தாழ 2 என்று வந்தது. அதனால் சிலிக்கான் டயோடுகளில் n பொதுவாக 1-க்கும் 2-க்கும் இடையே எங்கோ நிற்கிறது. அந்த ‘எங்கோ’வை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம்.

8.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு 820 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். டயோடு மின்னழுத்தம் 0.715 வோல்ட் என்று வந்தால், மின்னோட்டம் 10.1 மில்லி ஆம்பியர். மின்னோட்டம் 9.9 மடங்கு கூடியதற்கு மின்னழுத்தம் 105 மில்லிவோல்ட் மட்டுமே ஏறியிருக்கிறது. 9.9-இன் இயல் மடக்கை 2.29. 105-ஐ 2.29-ஆல் வகுத்தால் 46 மில்லிவோல்ட், அதுதான் n·VT. 26-ஆல் வகுத்தால் n சுமார் 1.76. இந்த 46-ஐ 1.02-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் தொடக்கத்தில் சொன்ன 45 ஓம்.

இந்த அளவீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. ஒரே மின்னோட்டத்தில் டயோடின் மின்னழுத்தம் டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். டயோடை விரலால் பிடித்துக்கொண்டு அளந்தால் மீட்டர் எண் கண்ணெதிரே நழுவுவதைப் பார்க்கலாம். பத்து மில்லி ஆம்பியரில் டயோடு தானாகவே இரண்டு மூன்று டிகிரி சூடாகும். அதனால் இணைத்தவுடன் படித்துவிட வேண்டும். ரெசிஸ்டரின் மேல் எழுதிய மதிப்பையும் பேட்டரியின் ஒன்பது வோல்ட்டையும் நம்பாமல், இரண்டையும் அளந்துகொள்வது நல்லது.

கணக்கு சரியா என்று பார்க்க இன்னொரு வழி, உண்மையிலேயே ஓர் அலையை அனுப்புவது. டயோடு 1.02 மில்லி ஆம்பியரில் இருக்கும்போது, 0.5 வோல்ட் உச்சமும் 1 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்ட அலையை 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே டயோடுக்குக் கொடுங்கள். 4700-உம் 45-உம் பங்கு போட்டுக்கொள்ள, டயோடின் மேல் சுமார் 4.7 மில்லிவோல்ட் அலை நிற்கும். நிலை மின்னோட்டத்தைக் குறைத்தால் அலை பெரிதாகும். நிலை மின்னோட்டத்தை மாற்றியே ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் ‘சிற்றலை’ என்ற நிபந்தனையை மறக்கக் கூடாது. டயோடின் மேல் 5 மில்லிவோல்ட் ஏறி இறங்கினால் மின்னோட்டம் மேலே 11.5 சதவீதம், கீழே 10.3 சதவீதம் நகரும், ஏறத்தாழ சமம். 20 மில்லிவோல்ட் என்றால் மேலே 55, கீழே 35. அங்கே ஒரே ஒரு தடை மதிப்பு என்ற பேச்சே பொருந்தாது. அதே சோதனையில் 0.5 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் அலையைக் கொடுத்தால், அலையின் உச்ச மின்னோட்டம் நிலை மின்னோட்டத்தையே விழுங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் டயோடு மூடிக்கொள்ளும். அலைக்காட்டியில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் கூராகவும் தெரிந்தால் அதுதான் அறிகுறி.

புத்தகத்தின் 26 ஓமைப் பார்க்க விரும்புகிறவர்கள் டயோடுக்குப் பதிலாக BC547 டிரான்சிஸ்டரை எடுத்து, அதன் கலெக்டரையும் பேஸையும் சேர்த்துக் கட்டிவிடலாம். அப்போது n ஏறத்தாழ 1-தான். மின்னோட்டம் பத்து மடங்காகும்போது மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் அளவே ஏறும்; ஒரு மில்லி ஆம்பியரில் சிற்றலைத் தடை 26 ஓம்.