யார் சொன்னது, எந்தப் பக்கம்?

தமிழ்த்துறைகளில் திருத்திக் கொடுக்கப்படும் கட்டுரைகளின் ஓரத்தில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பைச் சிவப்பு மையில் அடிக்கடி பார்க்கலாம். அதைப் பார்த்ததும் பல மாணவர்கள் செய்வதும் ஒன்றுதான். கைக்கு எட்டிய நூலின் பெயரை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுவார்கள். ஆசிரியர் கேட்டது வந்துவிட்டது, கட்டுரை இம்மியும் மாறவில்லை. இதில் மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எந்த வரிக்கு, எப்படிப்பட்ட சான்று என்று கேட்காத குறிப்புக்கு அப்படித்தான் பதில் வரும்.

பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய கதையைப் பற்றி முதுகலை மாணவர் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“உ.வே. சாமிநாதையர் 1855-ல் பிறந்தார். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்; அதற்காக ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டினார்; அக்காலத்தில் தமிழகம் முழுவதும் ஏராளமான ஏடுகள் நெருப்பிலும் நீரிலும் அழிந்தன (1). அவருக்கு முன்பு சங்க நூல்களை யாரும் அச்சிடவில்லை. அவர் இல்லையென்றால் தமிழ் இலக்கியமே நமக்குக் கிடைத்திருக்காது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.”

அடிக்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: “(1) உ.வே.சா., என் சரித்திரம்.”

முதல் வாக்கியத்தின் ஓரத்தில் எதுவும் எழுத வேண்டாம். அவர் பிறந்த ஆண்டில் யாருக்கும் சண்டை இல்லை. இதற்கும் சான்று கேட்கிற ஆசிரியர்கள் உண்டு. அவர்களுடைய மாணவர்கள் பயந்துபோய் வரிக்கு வரி எண் போட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் கோட்டைவிடுவார்கள்.

சிக்கல் இரண்டாவது வாக்கியத்தில்தான். அதில் மூன்று செய்திகள், மூன்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே எண். ‘சான்று போதாது’ என்று எழுதினால் மாணவருக்குப் புரியாது, சான்றுதான் போட்டிருக்கிறாரே! ஓரத்தில் எழுத வேண்டியது, “இந்த எண் மூன்றில் எதற்கு? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று காட்டு” என்பது. அப்படிப் பிரித்ததுமே மூன்றும் மூன்று விதமான சான்று கேட்பது தெரிந்துவிடும். பதிப்பித்த ஆண்டுக்கு நல்ல சான்று முதற்பதிப்பின் தலைப்புப் பக்கம். ஏடு தேடி அலைந்ததற்கு அவருடைய தன்வரலாறே சான்று, அலைந்தவரே எழுதியது. மூன்றாவது செய்தி அப்படியல்ல. தாம் போன இடங்களில் கண்டதையும் கேட்டதையும் ஒருவர் எழுதலாம், தமிழகம் முழுவதற்கும் அவருடைய எழுத்தை மட்டும் வைத்துப் பேச முடியாது. எண்ணோ அந்த மூன்றாவது செய்தியின் வாலில் தொங்குகிறது. அதை ‘திரட்டினார்’ என்பதற்குப் பின்னால் நகர்த்த வேண்டும். அழிவைப் பற்றிய வரிக்கு வேறு சான்று தேட வேண்டும், அல்லது அந்த வரியை அவர் பார்த்த அளவுக்குச் சுருக்க வேண்டும்.

அடுத்தது அடிக்குறிப்பு. ‘என் சரித்திரம்’ என்று மட்டும் எழுதுவது, ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி வீட்டுக்கு வரச் சொல்வதைப் போல. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950-ல் நூலான பெரிய புத்தகம் அது. பின்னால் வேறு வேறு பதிப்புகளும் வந்துவிட்டன, பக்க எண்கள் ஒத்துப்போகாது. ஆகவே “எந்த அத்தியாயம்? எந்த ஆண்டுப் பதிப்பு? எந்தப் பக்கம்?” என்று மூன்றையும் கேட்பதுதான் முறை. அத்தியாயத் தலைப்பு இருந்தால் எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய நூல்களுக்குப் பாட்டு எண்ணும் குறள் எண்ணும் தருகிற வழக்கமும் இதற்காகத்தான். ‘புறநானூறு, ப. 214’ என்று எழுதியிருந்தால், “பாட்டு எண் கொடு” என்று ஓரத்தில் எழுதினால் போதும்.

அத்தியாயம் கேட்பதால் இன்னொரு லாபமும் உண்டு. உ.வே.சா. தம் வரலாற்றை முடிக்காமலேயே 1942-ல் மறைந்தார், கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிடுகிறது. அவருடைய குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937-ல். அந்தப் பதிப்பு உருவான விதத்துக்கு ‘என் சரித்திரம்’ என்று ஒருவர் சான்று காட்டினால், அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பது உறுதி. வெறும் நூற்பெயரோடு விட்டுவிட்டால் இது வெளியே தெரியாது. அத்தியாயம் எது என்று கேட்டதும் தெரிந்துவிடும்.

அடிக்குறிப்பில் ஆசிரியர்கள் கவனிக்காமல் விடும் ஒரு சொல் ‘மேலது’. முந்தைய குறிப்பில் உள்ள அதே நூல் என்று பொருள். நான்காம் குறிப்பு என் சரித்திரம், ஐந்தாம் குறிப்பு ‘மேலது, ப. 640’. பிறகு மாணவர் கணினியில் இரண்டுக்கும் நடுவே சி.வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரை ஒன்றைச் சேர்க்கிறார். எண்கள் தாமாக மாறிக்கொள்கின்றன, ‘மேலது’ மாறவில்லை. இப்போது அது பிள்ளையின் பதிப்புரையைக் காட்டுகிறது, அறுநூற்று நாற்பதாம் பக்கமோ அதில் கிடையாது. இப்படிப் பொருந்தாத பக்க எண் கண்ணில் பட்டால் அதுதான் துப்பு. “மேலது எது? கடைசித் திருத்தம் முடியும்வரை குறும்பெயரை எழுது” என்று ஓரத்தில் எழுதலாம்.

மூன்றாவது வாக்கியத்தில் எண்ணே இல்லை. ‘யாரும் அச்சிடவில்லை’ என்பது துணிச்சலான கூற்று. ஒரே ஒரு நூல் எதிரே வந்து நின்றால் போதும், சாய்ந்துவிடும். இங்கே ஆசிரியருக்கு விடை தெரிந்திருந்தாலும் அதை எழுதாமல், “கலித்தொகையை முதலில் அச்சிட்டவர் யார், எந்த ஆண்டு? பார்த்துவிட்டு இந்த வரிக்குத் திரும்பி வா” என்று எழுதுவது நல்லது. தேடினால் 1887 என்று கிடைக்கும், பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை. அதே ஆண்டில் உ.வே.சா. கொண்டுவந்த சீவக சிந்தாமணி காப்பியம், சங்க நூல் அல்ல. அவர் பத்துப்பாட்டை முழுமையாகப் பதிப்பித்தது 1889-ல், புறநானூற்றை 1894-ல். எண் இல்லாத இடத்தில் கூற்றே பிழையாகவும் இருக்கலாம். அந்த வரிக்கு எதையாவது ஓர் அடிக்குறிப்பு ஒட்டியிருந்தால் பிழைக்கு முத்திரை குத்தியதாகியிருக்கும்.

கடைசி வாக்கியத்தின் ஓரத்தில் ஒரே சொல் போதும்: “யார்?” ‘ஆய்வாளர்கள் கூறுகின்றனர்’ என்றால் குறைந்தது இருவர் பெயராவது வேண்டும். சிலசமயம் மாணவர் ஒரு நூலில் வேறொருவரின் மேற்கோளைப் பார்த்து, மூல நூலையே தான் படித்ததுபோல் எழுதிவிடுவார். அதற்கு “நீ பார்த்தது எந்த நூல்? அதைச் சொல்” என்று ஓரக்குறிப்பு. இரவல் மேற்கோள் குற்றமில்லை, ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதினால் சரியாகிவிடும். இந்த வாக்கியத்திலோ பெயர் கிடைப்பதே சந்தேகம். ‘தமிழ் இலக்கியமே கிடைத்திருக்காது’ என்று பெயர் போட்டு எழுதத் துணியும் ஆய்வாளர் யார் இருக்கப்போகிறார்கள்? திருக்குறளும் கம்பராமாயணமும் அவர் பதிப்புக்குக் காத்திருக்கவில்லையே.

திரும்பி வரும் பத்தி இப்படி இருக்கலாம். பிறப்பு அப்படியே. ஏடு தேடிய செய்திக்கு அத்தியாயத் தலைப்பு, பதிப்பு ஆண்டு, பக்கம். ஏடுகளின் அழிவு அவர் கண்டதும் கேட்டதுமாகச் சுருங்கியிருக்கும். ‘யாரும் அச்சிடவில்லை’ போன இடத்தில் 1887, 1889, 1894 என்று மூன்று ஆண்டுகள், இரண்டு பதிப்பாசிரியர்கள். கடைசி வரி இல்லை. பத்தி முன்பைவிடச் சற்று நீளம், ஆனால் அதில் தாமோதரம்பிள்ளைக்கும் இடம் கிடைத்திருக்கிறது.