ஆறு வயதுக்கு ஒரு வாரம், பதினைந்து வயதுக்கு ஒரு மாதம்

நான்கு வயதுக் குழந்தையின் முன் ஒரு பக்கம் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும், மறுபக்கம் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் வைத்து, “எது வேணும்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கை மூன்றின் பக்கம்தான் போகும். அதற்குக் கணக்கு தெரியாமல் இல்லை. எது அதிக எண்ணிக்கையில் இருக்கிறதோ அதுதான் அதிகம் என்பது அந்த வயதின் கணக்கு.

இத்தாலியின் படுவா நகரைச் சேர்ந்த உளவியலாளர்கள் பெர்ட்டி, பொம்பி இருவரும் குழந்தைகளுக்குப் பணம் எப்படிப் புரிகிறது என்பதை 1980களில் விரிவாக ஆராய்ந்தார்கள். கடைக்குப் போனால் காசு கொடுக்க வேண்டும் என்பதே மிகச் சின்னக் குழந்தைகளுக்குத் தெரிவதில்லை. அது தெரிந்த பிறகும், எந்தக் காசைக் கொடுத்தாலும் எதையும் வாங்கலாம் என்று கொஞ்ச காலம் நினைக்கிறார்கள். இந்தக் காசு இதற்குப் போதாது என்பது அதற்குப் பிறகுதான் பிடிபடுகிறது. மீதிச் சில்லறை ஏன் திரும்பி வருகிறது என்பதுதான் கடைசியில் புரிகிறது. இந்தப் படிகளைத் தாண்டாத பிள்ளையிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது, எழுத்து தெரியாதவரிடம் இலக்கணம் பேசுவதைப் போன்றது.

அவர்கள் ஆராய்ந்த காலத்தில் குழந்தை நாணயத்தையாவது கண்ணால் பார்த்தது. இன்று அண்ணாச்சி கடையில் அம்மா போனை நீட்டுகிறார், ஒரு சத்தம் கேட்கிறது, பால் பாக்கெட் கைக்கு வருகிறது. எதுவும் குறைந்ததாகக் குழந்தைக்குத் தெரிவதில்லை. அதனால் வீட்டுச் செலவெல்லாம் போனில் நடந்தாலும், குழந்தையின் கைச்செலவை மட்டும் ஏழெட்டு வயது வரை நாணயமாகவே கொடுப்பது நல்லது. கையில் இருந்தது குறைவதைக் கண்ணால் பார்த்தால்தான் செலவு என்பது செலவாகத் தெரியும்.

எவ்வளவு கொடுப்பது என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பது. ஆறு வயதுப் பிள்ளையால் ஒரு வாரத்துக்கு அப்பால் எட்டிப் பார்க்க முடியாது. மாதம் 80 ரூபாய் என்று முதல் தேதியே கொடுத்தால் அது மூன்றாம் தேதி தீர்ந்துவிடும், மீதி நாட்களில் குழந்தை எதையும் கற்காது. அதே 80 ரூபாயைச் சனிக்கிழமைதோறும் 20 ரூபாயாகப் பிரித்துக் கொடுத்தால், ஒரே மாதத்தில் நான்கு முறை தவறு செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும். சனிக்கிழமையே எல்லாவற்றுக்கும் மிட்டாய் வாங்கிவிட்டு, புதன்கிழமை ஸ்டிக்கர் கேட்டு அழும் பிள்ளைக்கு, “சனிக்கிழமை வரும்” என்ற பதில் போதும். அங்கே தாத்தா பத்து ரூபாயை எடுத்து நீட்டினால் அந்த வாரப் பாடம் கலைந்தது. தாத்தாக்களைத் தடுப்பது கடினம். அவரிடம் முன்கூட்டியே பேசி, கொடுப்பதைப் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மாற்றச் சொல்லலாம்.

சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான். அப்பா மறந்துவிட்டு, “அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன்” என்று சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 28 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முதலில், “இன்னும் நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன், காத்திரு” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, “மன்னிச்சுக்கோ, இல்லை” என்றார். ஸ்டிக்கர் விஷயத்திலும் இதே கதை. பிறகு ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, 15 நிமிடம் தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருவதாகச் சொன்னார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்றே நிமிடம். சொன்னவர் தருவார் என்ற நம்பிக்கை போனபின் காத்திருப்பதில் என்ன லாபம்? அந்தக் குழந்தைகள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டு உண்டியல்களின் கதையும் இதுதான். மாதக் கடைசியில் அவசரத்துக்கு உண்டியலைக் கவிழ்த்து 200 ரூபாய் எடுத்து, திருப்பி வைக்க மறந்துபோகாத வீடு குறைவு. எடுக்கலாம். ஆனால் பிள்ளையிடம் கேட்டு, ஒரு சீட்டில் தொகையையும் தேதியையும் எழுதி உண்டியலுக்குள் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். சொன்ன தேதியில் திருப்பி வைக்க வேண்டும். கடன் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுலபமான விளக்கம் கிடையாது.

எட்டு, ஒன்பது வயதில் காலம் கொஞ்சம் நீள்கிறது. இப்போது ஒரு பொருளுக்காகச் சேர்க்க முடியும். ஒன்பது வயதுப் பையன் 650 ரூபாய் கிரிக்கெட் மட்டைக்கு ஆசைப்படுகிறான், வாரம் 50 ரூபாய் கைச்செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் 13 வாரம் ஆகும். அந்த வயதுக்கு அது மூன்று மாதம் அல்ல, ஒரு யுகம். ஐந்தாவது வாரம் கைவிட்டுவிடுவான். வாரம் 30 ரூபாய் அவன் சேர்த்தால் 35 ரூபாய் வீட்டிலிருந்து சேரும் என்று ஒப்பந்தம் போட்டால் 10 வாரத்தில் மட்டை வந்துவிடும், தின்பண்டத்துக்கும் வாரம் 20 ரூபாய் மிஞ்சும். நாட்காட்டியில் பத்துக் கட்டம் வரைந்து வாராவாரம் ஒன்றை அடித்துக்கொண்டே போகலாம். நடுவில் மனம் மாறிப் பந்து வாங்கினால் வாங்கட்டும். அந்த வாரம் அவன் 30 ரூபாய் போடவில்லை, 35 ரூபாயும் வராது, அவ்வளவுதான்.

இந்த வயதில் பெரியவர்கள் கவனிக்காத ஒரு இடைவெளி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குஸ்டாவ் யஹோடா என்ற உளவியலாளர் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைக் கடைக்காரர் வேடம் போடவைத்து, பொருளைக் கொள்முதல் செய்யச் சொன்னார். விற்கிற விலையும் வாங்கிய விலையும் ஒன்றுதான் என்று சின்னவர்கள் பலர் நினைத்திருந்தார்கள். கடைக்காரருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்பது பத்து வயதை ஒட்டித்தான் தெளிந்தது. பள்ளிக் கண்காட்சியில் எலுமிச்சை ஜூஸ் விற்கும் பிள்ளைக்கு இதைக் காட்டிவிடலாம். பழம், சர்க்கரை, பேப்பர் கப் எல்லாம் சேர்த்து 80 ரூபாய், 20 கப் பத்து ரூபாய்க்கு விற்றால் 200. கையில் இருக்கும் 200 ரூபாயும் தன்னுடையதல்ல, 80 ரூபாயை அம்மாவிடம் திருப்பித் தரவேண்டும் என்று தெரியும் நொடியில் முகம் வாடும். அந்த முகவாட்டத்துக்காகத்தான் இத்தனை எலுமிச்சம்பழமும்.

பத்து வயது தாண்டியதும் வங்கி வருகிறது. பத்து வயது நிறைந்த சிறார் தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாங்களே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அனுமதித்தது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைத் திருத்தி வெளியிட்டது. எவ்வளவு வரை எடுக்கலாம், ஏடிஎம் அட்டை உண்டா என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்யும். இருப்பைத் தாண்டி மட்டும் எடுக்கவே முடியாது. தபால் நிலையத்திலும் பத்து வயதுக்கு மேல் சொந்தப் பெயரில் கணக்கு உண்டு, 500 ரூபாய் இருந்தால் போதும், வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டாம்: 1,000 ரூபாய் ஒரு வருடம் தூங்கினால் 40 ரூபாய் வரும், ஒரு ஐஸ்கிரீமுக்குச் சரியாகப் போகும். பத்து வயதில் பாஸ்புக் கற்றுத்தருவது வட்டியை அல்ல. செலானை நிரப்பி, ஒரே மாதிரி கையெழுத்துப் போட்டு, தன் பெயருக்கு நேரே தொகை பதிவாவதைப் பார்ப்பதைத்தான்.

பதின்மூன்று, பதினான்கில் மாதக் கணக்கு தொடங்கலாம். பட்ஜெட் என்றதும் பலர் கைச்செலவுத் தொகையைக் கூட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பட்ஜெட் ஆகாது. பிள்ளைக்காக வீடு ஏற்கெனவே செலவழிக்கும் பணத்தைப் பிள்ளையின் கைக்கு மாற்ற வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மாதம் கேண்டீன் 600, போன் ரீசார்ஜ் 300, ஜெராக்ஸும் நோட்டும் 250, முடிவெட்ட 150, நண்பர்களோடு வெளியே போக 400, பிறந்தநாள் பரிசு 100 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,800 ரூபாய். இது வீட்டுக்குப் புதிய செலவே அல்ல. முதல் தேதி மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இந்த ஆறு விஷயங்களுக்கும் இனி வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. ரீசார்ஜ் 28 நாளைக்கு, மாதம் 31 நாள். மார்ச் 1ஆம் தேதி போட்ட ரீசார்ஜ் 28ஆம் தேதியோடு முடிந்து, 29ஆம் தேதி மறுபடி கேட்கும். ஒரே மாதத்தில் இரண்டு ரீசார்ஜ். பட்டியலில் 300 என்று எழுதியவன் கையில் அன்று 40 ரூபாய் இருக்கும். அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும், போன் இல்லாமல் பிள்ளை டியூஷனிலிருந்து எப்படிக் கூப்பிடுவான் என்று. மூன்று நாள் வீட்டு வைஃபையில் ஓட்டட்டும், டியூஷன் வாசலில் நண்பனின் போனில் கூப்பிடட்டும். அந்த மூன்று நாளில், ஆண்டுக்கு 12 அல்ல 13 ரீசார்ஜ் என்று அவனே கண்டுபிடிப்பான். பெரியவர்களிலேயே பலர் கண்டுபிடிக்காத கணக்கு அது.

ஆறு மாதம் இப்படி ஓடியபின் துணிமணியையும் சேர்க்கலாம். தீபாவளி, பொங்கல் துணியும் செருப்பும் ஆண்டுக்கு 4,800 ரூபாய் ஆகுமென்றால் மாதம் 400 சேர்த்து 2,200 ஆகக் கொடுக்கலாம். ஜூலையில் தொடங்கினால் அக்டோபருக்குள் 1,600 சேர்ந்திருக்க வேண்டும். சேர்த்திருக்க மாட்டான். முதல் தீபாவளிக்கு 700 ரூபாய்ச் சட்டையோடுதான் நிற்பான்.

பணத்தை நோட்டாகக் கொடுப்பதா, போனிலா என்பது இந்த வயதில் எழும் கேள்வி. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில், பெற்றோரின் கணக்கிலிருந்தே பிள்ளை செலவு செய்யலாம். மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை எந்த வரம்பையும் வைக்கலாம் என்பதால், 1,800 என்றே வைத்துவிடலாம். ஒவ்வொரு செலவுக்கும் பெற்றோர் ஒப்புதல் தரும் இன்னொரு முறையும் உண்டு. பாதுகாப்பானதுதான், ஆனால் ஒவ்வொரு பப்ஸுக்கும் அப்பாவின் போன் அலறினால் முடிவெடுப்பது அப்பாதான், பிள்ளை இல்லை. எந்த முறையானாலும் ஒன்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, அனுப்புவதற்கு மட்டும்தான். “உனக்குப் பரிசு விழுந்திருக்கு, பின் போடு” என்று யார் கேட்டாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் பயந்து மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லி, 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

தன் மாதக் கணக்கில் கொஞ்சம் தேறியவனிடம் வீட்டு பில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மின்கட்டணம் அதற்குச் சரியாகப் பொருந்தும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2025 கட்டண விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் மலிவு. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மலிவு போய்விடும், பில் 200 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். இதைக் கேட்ட பையன் ஐம்பதாம் நாள் டார்ச் லைட்டோடு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்கிறான், 455 என்று எழுதிக்கொள்கிறான். உள்ளே அப்பாவின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது.