சீட்டுக் கணக்கேடு

மல்லேஸ்வரத்தில் இருபது பேர், மாதம் ரூ.5,000 வீதம், இருபது மாத ஏலச்சீட்டில் சேர்ந்துள்ளதாகக் கொள்வோம். சீட்டுத்தொகை ரூ.1,00,000. ஒரு மாதம் ரூ.25,000 தள்ளிக் கேட்டவர் ரூ.75,000 பெறுகிறார். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் ரூ.5,000. எஞ்சிய ரூ.20,000 இருபதின்மருக்கும் ஈவுத்தொகையாகப் பகிரப்படும். ஆளுக்கு ரூ.1,000 கிடைப்பதால், அம்மாதம் ஒவ்வொருவரும் ரூ.4,000 செலுத்தினால் போதும்.

நடத்துபவர் ரூ.4,200 கேட்டால் என்ன பொருள்? ஆளுக்கு ரூ.200 எனில், மொத்தம் ரூ.4,000 கணக்கில் வரவில்லை. கமிஷன் ரூ.9,000 ஆகிவிட்டதா என வினவ வேண்டும். சட்டப்படி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், அது சீட்டுத்தொகையில் நூற்றுக்கு ஏழைத் தாண்டலாகாது, இங்கு ரூ.7,000.

ஆகவே, மாதந்தோறும் தள்ளிய தொகை, ஈவுத்தொகை, செலுத்திய தொகை ஆகியவற்றை வீட்டு ஏட்டில் எழுதுக. சீட்டு எடுத்த மாதத்தையும் பெற்ற தொகையையும் குறித்திடுக; எடுத்தபின்னும் இறுதி மாதம்வரை தவணை உண்டு.