சுவருக்கு மேலேயும் ஒரு தடை

செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, வைரத்தில் ஓடுவதில்லை. எலக்ட்ரான்கள் இரண்டிலும் ஏராளமாக இருக்கின்றன. அப்படியிருக்க வைரத்தில் மட்டும் அவற்றைக் கட்டிப்போட்டது எது? பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் இதற்கு மூன்று பட்டைகளை வரைந்து, நடுவில் 'விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி' என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதை மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல முடியாத அளவுக்குக் கடினமான விஷயமும் அல்ல அது.

1928இல் லைப்சிக் நகரில், ஹைசன்பர்க்கின் மாணவரான ஃபெலிக்ஸ் பிளாக், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்துக்குள் எலக்ட்ரான் அலை எப்படிப் பரவும் என்பதைக் கணக்கிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து ரால்ஃப் க்ரோனிக், வில்லியம் பென்னி என்ற இருவர் அதையே மிக எளிய வடிவில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தப் பென்னிதான் பிற்காலத்தில் பிரிட்டனின் அணுகுண்டுத் திட்டத்தை நடத்தியவர். அணுவின் சிக்கலான கவர்ச்சிவிசையை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். அதற்குப் பதிலாக நேர்கோட்டில் வரிசையாகச் சதுரக் கிணறுகளை வெட்டினார்கள்: தட்டையான அடி, செங்குத்தான சுவர், மறுபடி தட்டையான அடி. எந்த அணுவும் இப்படி இருக்காது. ஆனாலும் பட்டைகளும் இடைவெளிகளும் இந்தப் பொம்மைப் படிகத்திலேயே வந்து நிற்கின்றன. எப்படி என்று பார்க்க, எண்களை வைத்து ஒரு முறை போட்டுப் பார்ப்பதே நல்லது.

ஒரே ஒரு கிணற்றில் தொடங்கலாம். அகலம் 0.4 நானோமீட்டர். ஒரு படிகத்தில் அணுக்களுக்கு இடையே இருக்கும் தூரமும் ஏறக்குறைய இந்த அளவுதான். சுவரின் உயரம் 9 எலக்ட்ரான் வோல்ட். உள்ளே மாட்டிக்கொண்ட எலக்ட்ரான் ஓர் அலை. வீணைத் தந்தி எல்லா ஸ்வரத்திலும் அதிர்வதில்லை. அதன் நீளத்துக்குப் பொருந்தும் அதிர்வுகளுக்கே இடம் தருகிறது. இந்தக் கிணறும் அப்படித்தான். கணக்கிட்டால் எலக்ட்ரானுக்கு இரண்டே ஆற்றல்கள் கிடைக்கின்றன: கிணற்றின் அடியிலிருந்து 1.32 எலக்ட்ரான் வோல்ட், 5.03 எலக்ட்ரான் வோல்ட். இடையில் வேறு எதுவும் கிடையாது.

இப்போது பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு கிணறு. நடுச்சுவரின் தடிமன் 0.1 நானோமீட்டர் மட்டும். எலக்ட்ரான் அலை சுவரில் பட்டதும் அறுந்துவிடுவதில்லை. சுவருக்குள் நுழைந்து தேய்ந்துகொண்டே போகிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் அடுத்த கிணற்றிலும் அலையின் வால் எட்டிப் பார்க்கும். ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட இரண்டு ஊசல்களைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பது புரியும். தனித்தனியே ஒரே வேகத்தில் ஆடும் ஊசல்கள், இணைத்ததும் இரண்டு புதிய வேகங்களைக் காட்டும்: இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து ஆடுவது ஒன்று, எதிரெதிராக ஆடுவது இன்னொன்று. இங்கும் 1.32 என்ற ஒற்றை ஆற்றல் மறைந்து, 1.17, 1.45 என்ற இரண்டு முளைக்கின்றன.

மூன்று கிணறு வைத்தால் மூன்று. நூறு வைத்தால் நூறு. கிணறுகள் கூடக்கூட ஆற்றல்கள் எல்லையில்லாமல் விரிந்துகொண்டே போகும் என்று நினைக்கத் தோன்றும், அப்படி நடப்பதில்லை. இந்த வரிசை எவ்வளவு நீண்டாலும் கீழ்க் குடும்பம் 1.04க்கும் 1.60க்கும் இடையிலேயே அடங்கிவிடுகிறது. உள்ளே நெருக்கம்தான் கூடுகிறது. கோடிக்கணக்கான கிணறுகள் சேர்ந்தால் தனித்தனிக் கோடுகளைப் பிரித்தறிய முடியாமல் அவை ஒரு பட்டையாகத் தெரிகின்றன. 5.03இலிருந்து பிறந்த மேல் குடும்பம் 4.12 முதல் 6.40 வரை பரவுகிறது. 1.60க்கும் 4.12க்கும் நடுவே, 2.52 எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்கு, ஒன்றுமே இல்லை.

பட்டையின் அகலத்தைத் தீர்மானிப்பது சுவர். அதை 0.1இலிருந்து 0.3 நானோமீட்டராகத் தடிப்பாக்கினால், 0.57 எலக்ட்ரான் வோல்ட் அகலமிருந்த கீழ்ப்பட்டை 0.03 ஆகச் சுருங்கிவிடும். தடிமன் மூன்று மடங்குதான் கூடியது, அகலமோ பதினேழில் ஒரு பங்காகிவிட்டது. சுவருக்குள் அலை அவ்வளவு வேகமாகத் தேய்கிறது. தடிப்பை இன்னும் ஏற்றினால் பட்டை திரும்பவும் ஒற்றைக் கோடாகி, கிணறுகள் ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிடும்.

இடைவெளியில் ஏன் ஒன்றுமே இல்லை? க்ரோனிக்கும் பென்னியும் எழுதிய நிபந்தனையில் பதில் இருக்கிறது.

cos(kd) = cos(αw) cosh(βb) + [(β² − α²) / 2αβ] sin(αw) sinh(βb)

பார்த்து மிரள வேண்டாம். w கிணற்றின் அகலம், b சுவரின் தடிமன், d இரண்டின் கூட்டல், அதாவது 0.5 நானோமீட்டர். α என்பது கிணற்றுக்குள் அலை எவ்வளவு நெருக்கமாக அலைகிறது என்பதையும், β என்பது சுவருக்குள் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதையும் சொல்கின்றன; இரண்டையும் எலக்ட்ரானின் ஆற்றல் தீர்மானிக்கிறது. இடப்பக்கம் இருப்பது, ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அலை எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதன் கோசைன். கோசைனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: −1க்குக் கீழே இறங்காது, +1க்கு மேலே ஏறாது. வலப்பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

1.3 எலக்ட்ரான் வோல்ட்டைப் போட்டால் வலப்பக்கம் −0.10 வருகிறது. கோசைனுக்குச் சம்மதம், எலக்ட்ரான் வரிசை முழுக்க உலாவலாம். 5 போட்டால் −0.07, அதற்கும் சம்மதம். 3 போட்டுப் பார்த்தால் −1.97. எந்தக் கோணத்துக்கும் கோசைன் அந்த மதிப்பைத் தராது. ஆகவே 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இந்தப் படிகத்துக்குள் பரவும் அலையே கிடையாது. வெளியிலிருந்து அனுப்பினாலும் சில கிணறுகளுக்குள் தேய்ந்து திரும்பிவிடும்.

கணக்கு அப்படிச் சொல்கிறது. இதைக் கண்ணுக்குத் தெரியும்படியும் விளக்கலாம். கீழ்ப்பட்டையின் உச்சியில் அலைநீளம் சரியாக 1 நானோமீட்டர், அதாவது கிணற்று இடைவெளியைப் போல இரண்டு மடங்கு. அப்போது ஒவ்வொரு சுவரிலிருந்தும் திரும்பும் சிற்றலைகள் ஒன்றோடொன்று ஒத்துச் சேர்ந்து, முன்னே போகும் அலையையும் பின்னே வரும் அலையையும் சமமாக்கிவிடுகின்றன. அலை நகராமல் நின்ற இடத்திலேயே அதிர்கிறது. அப்படி நிற்பதற்கு இரண்டே வழிகள். ஒன்றில் எலக்ட்ரான் கிணறுகளின் நடுவில் குவிந்து சுவர்களின் நடுவைத் தவிர்க்கிறது, ஆற்றல் 1.60. மற்றதில் கிணறுகளின் நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர்களின் மேல் ஏறி நிற்கிறது; ஆற்றல் 4.12. அலைநீளம் ஒன்றே, உட்காரும் இடம்தான் வேறு. அந்த இட வேறுபாட்டின் விலைதான் 2.52 எலக்ட்ரான் வோல்ட்.

இந்த மாதிரியில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விஷயம் இதற்கு மேலே இருக்கிறது. சுவரின் உயரம் 9. எலக்ட்ரானுக்கு 15 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தால் எல்லாச் சுவர்களையும் எளிதாகத் தாண்டிப் போக வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். போகாது. மூன்றாவது பட்டை 9.27இல் தொடங்கி 14.3இல் முடிகிறது, அடுத்தது 16.7இல்தான் ஆரம்பம். சுவருக்கு மேலேயும் தடை இருக்கிறது. அப்படியானால் எலக்ட்ரானைத் தடுப்பது சுவரின் உயரம் அல்ல, சுவர்கள் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதுதான்.

இனி செம்பும் வைரமும். N கிணறு இருந்தால் ஒரு பட்டையில் N நிலைகள். பவுலியின் விதிப்படி ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடம். கிணற்றுக்கு ஒரு எலக்ட்ரான் வந்தால் பட்டை பாதிதான் நிரம்பும். சிறு மின்னழுத்தம் கொடுத்தாலே எலக்ட்ரான்கள் அடுத்த காலி நிலைக்கு நகர முடியும், அது உலோகம். கிணற்றுக்கு இரண்டு வந்தால் பட்டை வழிய வழிய நிரம்பிவிடும். நகரக் காலி இடம் வேண்டுமானால் 2.52 எலக்ட்ரான் வோல்ட் தாவ வேண்டும். சாதாரண பேட்டரி ஒரு படிகத்துக்குள் எந்த எலக்ட்ரானுக்கும் அவ்வளவு ஆற்றலைக் கொடுத்துவிடாது. ஒளி கொடுக்கும். 492 நானோமீட்டரைவிடக் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி இந்தப் பொம்மைப் படிகத்தில் விழுந்தால் விழுங்கப்படும். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஊடுருவிப் போகும். ஓவியர்கள் காட்மியம் மஞ்சள் என்று வாங்கும் காட்மியம் சல்ஃபைடின் நிறத்துக்கும் இதுவே காரணம். அதன் இடைவெளி சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட்.

இந்த மாதிரி எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மக்னீசியம் அணு ஒவ்வொன்றும் இரண்டு வெளி எலக்ட்ரான்களைத் தருகிறது. மேலே சொன்ன கணக்குப்படி அது மின்கடத்தாப் பொருளாக இருக்க வேண்டும். ஆனால் அது நல்ல உலோகம். தவறு ஒற்றைப் பரிமாணத்தில் இருக்கிறது. நேர்கோட்டில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மோதாமல் அடுக்கப்படும். முப்பரிமாணத்தில் ஒரு திசையில் கீழ்ப்பட்டையின் உச்சி, வேறொரு திசையில் மேல்பட்டையின் அடியைவிட உயரமாக இருக்கலாம். அப்போது எலக்ட்ரான்கள் கீழ்ப்பட்டையை முழுதாக நிரப்பாமலேயே மேலே வழிந்துவிடும். நிக்கல் ஆக்சைடு இன்னும் பெரிய சங்கடம். பட்டைக் கணக்கு அதை உலோகம் என்கிறது. உண்மையில் அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதை இந்தக் கிணறுகள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

1970இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் லியோ எசாக்கியும் ராஃபேல் ட்சூவும் கதையைத் திருப்பிப் போட்டார்கள். இயற்கையில் சதுரக் கிணறுகள் இல்லையென்றால் செய்துகொள்ளலாமே என்பது அவர்கள் யோசனை. இரண்டு குறைகடத்திகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் தடிமனில் அடுக்கினால், மின்னணுவியலுக்கு வேண்டிய அகலத்தில் பட்டைகளை நாமே வரைந்துகொள்ளலாம். பின்னர் இதற்குப் பெரிதும் பயன்பட்டது காலியம் ஆர்சனைடு கிணறாகவும், அலுமினியம் கலந்த காலியம் ஆர்சனைடு சுவராகவும் அமைந்த அடுக்கு. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அலுமினியம் சேர்த்தால் சுவரின் உயரம் சுமார் கால் எலக்ட்ரான் வோல்ட். அணு அணுவாகப் படியவைக்கும் முறையில் வளர்ப்பதால் கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள எல்லை ஓரிரு அணு அடுக்குகளுக்குள் முடிந்துவிடுகிறது. க்ரோனிக்கும் பென்னியும் தாளில் வரைந்த செங்குத்துச் சுவர், கிட்டத்தட்ட வரைந்தபடியே, அந்த அடுக்குகளில் நிற்கிறது.