மெடிட்டரேனியன் சாப்பாடும் செல்லூர் வீட்டுத் தட்டும்: ஒரு கணக்கு

போன வருஷம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்னுடைய எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய படி. வயது 44. அப்பாவுக்கு 58 வயதில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, அம்மா பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் பாதை எங்கே போகிறது என்று தெரிந்தது. இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: மெடிட்டரேனியன் உணவுமுறை. கூடவே ஆலிவ் எண்ணெய் பாட்டில் படம்.

செல்லூரில் வைகைக் கரைப் பக்கம் குடியிருக்கிறவன் ஆலிவ் எண்ணெய் ஊற்றி சாலட் சாப்பிட்டால்தான் பிழைப்பானா என்று எரிச்சல் வந்தது. சரி, அந்த உணவுமுறையில் உண்மையில் வேலை செய்வது எது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

இந்தப் பேச்சு தொடங்கியது 1958-ல் ஆன்சல் கீஸ் ஆரம்பித்த ஏழு நாடுகள் ஆய்வில். அதில் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்காரர்களுக்கு மாரடைப்புச் சாவு மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் அன்றைக்குச் சாப்பிட்டதைப் பார்த்தால் விருந்துச் சாப்பாடு இல்லை, விவசாயி வீட்டுச் சாப்பாடு. ரொட்டி, அவரை, கொண்டைக்கடலை, பருப்பு, காய், பழம், கொஞ்சம் மீன், எப்போதாவது கறி. காட்டில் பறித்த கீரையை வேகவைத்து எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள், அதற்கு 'ஹோர்த்தா' என்று பெயர். நம்ம குப்பைக்கீரைக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நத்தைகூடச் சாப்பிடுவார்கள். ஆனால் அதை எந்த டயட் புத்தகமும் அட்டையில் போடுவதில்லை!

ஆலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் இது நடக்காதா? இதற்குப் பதில் 1988-ல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கிய ஆய்வில் இருக்கிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 605 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மெடிட்டரேனியன் பாணியில் சாப்பிடச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆலிவ் எண்ணெய் மட்டுமே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், கடுகு குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயில் செய்த மார்கரினைக் கொடுத்தார்கள். அப்படியும் அந்தக் குழுவில் மறு மாரடைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆக எண்ணெயின் பெயர் முக்கியமில்லை. மொத்தத் தட்டும் எப்படி மாறியது என்பதுதான் விஷயம்.

இந்தியாவிலும் ஒரு ஆய்வு உண்டு. உத்தரப் பிரதேசத்து மொரதாபாத்தில் ஆயிரம் பேரை வைத்து 'இந்தோ-மெடிட்டரேனியன்' உணவு என்று செய்து, 2002-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கடுகு எண்ணெய், முழு தானியம், வால்நட், காய் பழம். இதய நோய்ச் சம்பவங்கள் பாதியாகக் குறைந்தன என்று முடிவு. படித்ததும் துள்ளிக் குதித்தேன், நம்ம நாட்டு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று. ரெண்டு நாள் கழித்துத்தான் 2005-ல் அதே லான்செட் அந்தக் கட்டுரையின் நம்பகத்தன்மை மேல் கவலை தெரிவித்து அறிக்கை வெளியிட்டது கண்ணில் பட்டது. இன்றும் பல வலைத்தளங்கள் அந்த ஆய்வை அப்படியே எடுத்துப் போடுகின்றன. நான் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

ஸ்பெயினின் 'ப்ரெடிமெட்' ஆய்வும் இப்படி ஒரு அடி வாங்கியது. சுமார் 7,400 பேர். 2013-ல் வந்த கட்டுரையை 2018-ல் அவர்களே திரும்பப் பெற்றார்கள், ஏனென்றால் சில இடங்களில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் குடும்பம் குடும்பமாக ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தக் குறையைக் கணக்கில் எடுத்து மறுபடி ஆராய்ந்து வெளியிட்டபோதும், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு என்ற முடிவு நின்றது. தப்பை ஒத்துக்கொண்டு திருத்தியவர்களை நம்பலாம் என்பது என் கட்சி.

அடுத்து நம்ம வீட்டுப் பக்கம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி ஒரு வாரம் என் சாப்பாட்டை நிறுத்தேன். "சோத்தை நிறுத்துப் பாக்குற வீடு உருப்படுமாடா?" என்றார் அம்மா. நிறுத்தது இதுதான்: காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, ராத்திரி மூணு தோசை. மூன்று வேளையும் ஒரே பொருள்தான், வடிவம் மட்டும் வேறு. பச்சையரிசிக் கணக்கில் சேர்த்தால் ஒரு நாளைக்கு 295 கிராம் அரிசி. உளுந்து 35 கிராம், சாம்பாரில் என் பங்குக்குத் துவரம் பருப்பு வெறும் 20 கிராம், காய் 150 கிராம், எண்ணெய் 35 மில்லி, மூணு காபியில் சர்க்கரை 30 கிராம். மொத்தம் சுமார் 1,900 கலோரி. அதில் 65 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வந்தது.

இது என் வீட்டு விசித்திரம் இல்லை. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் நடத்தும் ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2025-ல் சொன்னது, இந்தியர்களின் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்து என்று. அன்றைய கிரீட்காரருக்குக் கலோரியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பிலிருந்தே வந்தது. அவர்கள் நம்மைவிட எண்ணெய் அதிகம் சாப்பிட்டார்கள்! கொழுப்பு என்றாலே பயப்படுகிற நமக்கு இது இடிக்கும். வித்தியாசம் எண்ணெயில் இல்லை. அங்கே ரொட்டியோடு பருப்பும் கீரையும் மலைபோல் இருக்கும். நம் தட்டில் சோறு மலை, பருப்பும் காயும் அதற்குத் தொட்டுக்கொள்ள.

அதனால் நான் செய்தது ஒன்றே ஒன்று: மதியத் தட்டின் விகிதத்தைத் திருப்பினேன். முன்பு 150 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 75 கிராம் காய். இப்போது அரிசி 70 கிராம், பருப்பு 40, ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை அல்லது மொச்சை 30 (காய்ந்த எடை), காயும் கீரையுமாக 200, வறுத்த நிலக்கடலை 20. மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு எங்கள் பக்கத்துக்குப் புதுசா என்ன? குழம்பைத் தண்ணியாக வைக்காமல் மொச்சையைக் கூட்டி வைத்தால் அதுவே பாதிச் சாப்பாடு.

கணக்குப் போட்டால் மாவுச்சத்து 132 கிராமிலிருந்து சுமார் 100-க்குத்தான் வருகிறது. ஏமாற்றமாக இருந்தது, ஒளிக்கவில்லை. பருப்பிலும் மாவுச்சத்து உண்டே. ஆனால் நார்ச்சத்து 9 கிராமிலிருந்து 20-ஐத் தாண்டுகிறது, புரதமும் ஏறுகிறது. பருப்பு, கடலையின் மாவு நாருக்குள் பொதிந்து கிடப்பதால் மெதுவாகத்தான் கரையும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தபோது பழைய தட்டுக்கு 168, புதிய தட்டுக்கு 139. ஒரே ஆள், சில நாள் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

இடையில் சிறுதானியப் பைத்தியம் ஒரு மாதம் பிடித்தது. கேழ்வரகுக் களி சாப்பிட்டுவிட்டுக் குத்தினேன், எண் சோற்றுக்குக் கிட்டத்தட்ட பக்கத்திலேயே நின்றது. மாவாக அரைத்துக் களி கிண்டினால் கேழ்வரகும் வேகமாகத்தான் கரையும். பெயரை மாற்றினால் போதாது.

எண்ணெய்க்கு வருகிறேன். ஆலிவ் எண்ணெயில் ஓலிக் அமிலம் 70 சதவீதம் போல. செக்குக் கடலை எண்ணெயில் பாதிக்கு அருகில், நல்லெண்ணெயில் 40 சதவீதம். சமம் இல்லை, ஆனால் மோசமும் இல்லை. இந்த ரெண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பொரித்த எண்ணெயை மறுநாளுக்கு எடுத்து வைப்பதை நிறுத்தியதுதான் பெரிய மாற்றம். மீனுக்கு வஞ்சிரம் தேட வேண்டியதில்லை. மத்திதான், தூத்துக்குடிக்காரர் சாளை என்பார்கள், விலையும் குறைவு, ஒமேகா-3 கொழுப்பும் நிறைய. வாரம் ரெண்டு நாள் குழம்பாக. கருவாடு அப்படியே இதற்கு மாற்று ஆகாது, உப்பு ஏறிவிடும்.

ரெண்டு தப்பு நடந்தது. முதலாவது சின்னது: முதல் மாதம் அரிசியைக் குறைக்காமலே கடலையையும் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டே போனேன், ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது. 100 கிராம் நிலக்கடலையில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. எடுக்காமல் வைத்தால் இதுதான் கதி.

ரெண்டாவது என் தூக்கத்தைக் கெடுத்தது. என் தட்டு நன்றாக இருக்கிறதே என்று அம்மாவுக்கும் சோற்றைப் பாதியாக்கினேன். அவர் சாப்பிடுவது கிளிமிப்ரைடு மாத்திரை. அது, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். நாலாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். "கை நடுங்குதுப்பா, என்னமோ படபடன்னு வருது" என்றார். மீட்டரில் 58. மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்தேன், பதினைந்து நிமிஷம் கழித்து 84. அதன் பிறகு ஒரு இட்லி. நான் அந்தப் பதினைந்து நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சோத்தைக் குறைக்குறதுக்கு முன்னாடி ஏன் சொல்லல?" மாத்திரை அளவைப் பாதியாக்கினார். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுக்கிறவர்கள் தட்டை மாற்றுவதற்கு முன் மருந்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே. கீரையிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

அம்மாவுக்கு இப்போது ஒரே அடியாகக் குறைக்காமல் வாரத்துக்கு ஒரு கைப்பிடி சோறாகக் குறைத்து, அந்த இடத்தில் மொச்சையோ தட்டைப்பயறோ வைக்கிறோம். முந்தின ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு வேகவைக்கிறோம். இல்லாவிட்டால் வாயு என்று ரெண்டு நாளில் நிறுத்தியிருப்பார். எனக்கு மூணு மாதம் கழித்து எச்பிஏ1சி 5.8. தராசு இப்போது அம்மா கையில்தான் இருக்கிறது, என் தட்டைத்தான் நிறுக்கிறார்.