அப்பா அம்மாவுக்குப் பிறகு அந்தப் பென்ஷன் யார் கைக்கு?

வடலூரில் இருந்து நெய்வேலிக்கு வேலைக்குப் போய் ஓய்வு பெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இபிஎஸ்-95 பென்ஷன் மாதம் 4,000 ரூபாய். மகனுக்கு வயது 28. மகளுக்கு 24, அறிவுசார் மாற்றுத்திறனாளி.

அவர் இறந்தால் மனைவிக்குப் பாதி, அதாவது 2,000. அதில் கால்பங்கு, 500, மகளுக்குத் தனியாக. மனைவியும் இறந்தால் மகளுக்கு 1,500. பிள்ளைகளுக்கான பென்ஷன் சாதாரணமாக 25 வயதோடு நின்றுவிடும். நிரந்தரமான, முழுமையான ஊனம் என்று சான்று இருந்தால் ஆயுள் முழுக்க வரும்.

சிக்கல் வேறு இடத்தில். மகளுக்கு 18 முடிந்ததுமே பெற்றோர் சட்டப்படி கார்டியன் இல்லை. நிறைய பேருக்கு இது தெரியாது. அவளால் கணக்கைக் கையாள முடியாவிட்டால் பணம் வங்கியிலேயே கிடக்கும். அதனால் இருவரும் இருக்கும்போதே, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, கார்டியன் நியமனம் வாங்கிவிட வேண்டும். இவர்களுக்கு அது கடலூர்.

சேமிப்பை ‘அண்ணன் பார்த்துப்பான்’ என்று மகன் பெயரில் எழுதினால், சட்டப்படி அது அவன் பணம். கடன்காரரும் கேட்கலாம். உயிலில் மகளுக்காக மட்டும் ஒரு டிரஸ்ட் எழுதுவதே பாதுகாப்பு. கார்டியன் அண்ணன் என்றால் டிரஸ்டி வேறொருவராக இருக்கட்டும். செலவுக்கு ஒருவர் கேட்பார், இன்னொருவர் கணக்குப் பார்ப்பார்.