சாட்சிக்கு ஒரு கொக்கு

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலர் எழுதியது. மொத்தமே ஐந்து அடிதான். ஒருவன் ஒருத்தியோடு ரகசியமாகக் கூடினான், கல்யாணப் பேச்சை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் தன் தோழியிடம் புலம்புகிறாள். கதை இவ்வளவே.

இதை எளிமையாகச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும், “அவன் என்னோடு சேர்ந்த அன்று சாட்சிக்கு ஒரு கொக்கைத் தவிர யாரும் இல்லை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பொருள் சரிதான். பாட்டுதான் காணாமல் போய்விடுகிறது. கபிலர் அந்த ‘அன்று’ என்பதைக் கடைசிச் சீர் வரைக்கும் அவள் வாயிலிருந்து வரவிடவில்லை. எந்த இடத்தில், எப்போது யாரும் இல்லை என்பது நமக்கு முதலில் தெரியாது. சொல்லக் கூச்சப்படுகிற பெண், சுற்றிச் சுற்றி வந்து முடிவில்தான் அங்கே சேர்கிறாள். அந்த வரிசையைக் கலைக்காமல் நம் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

“யாருமே இல்லடி. அவன் ஒருத்தன்தான், அந்தக் களவாணி. அவனே இல்லைன்னு சாதிச்சா நான் என்ன பண்ணுவேன்? தினைத்தட்டை மாதிரி மெல்லிசா, பசேல்னு காலு... ஓடுற தண்ணியில ஆரல் மீன் வருதான்னே பாத்துக்கிட்டு... ஒரு கொக்கு வேணா நின்னுச்சு, அவன் என்னைச் சேர்ந்தானே, அன்னைக்கு.”

கொக்கின் காலுக்கு இத்தனை சொல் எதற்கு என்று தோன்றலாம். மலைநாட்டுப் பெண் அவள், தினைப்புனம் காத்துப் பழகியவள், காலைப் பார்த்ததும் தினைத்தாள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவள் கண் கொக்கின் காலில் போய் நின்றிருக்கிறது, நாள் பல ஆகியும் அதன் நிறம்கூட மறக்கவில்லை. வெட்கத்தால் தலை குனிந்திருந்தாளோ என்னவோ, பாட்டில் அப்படி எதுவும் இல்லை. நாமும் அதை எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை. காலை விட்டுவிட்டு ‘கொக்கு’ என்று மட்டும் சொன்னால் அது வெறும் பறவை.

அந்தக் கொக்காவது சாட்சி சொல்லுமா? அதன் கவனமெல்லாம் ஆரல் மேல். ஆரல், விலாங்கு மாதிரி நீண்டு வழுக்குகிற மீன். தன் இரையிலேயே குறியாக இருக்கும் கொக்கில் அவனுடைய சாயலும் தெரிகிறது என்று உரை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது உடன்பாடுதான். ஆனால் பேச்சுநடையில் “அவனும் அந்தக் கொக்கு மாதிரிதான்” என்று ஒரு வாக்கியம் கூட்டிவிட்டால் வேலை கெட்டது. அவள் கொக்கைப் பற்றித்தான் பேசுகிறாள். அவனைப் பற்றி அதில் சொன்னாளா இல்லையா என்று தோழி யோசித்துக்கொள்ளட்டும்.

‘களவாணி’ என்று நான் போட்டதற்கும் காரணம் உண்டு. ‘திருடன்’ என்றால் குற்றச்சாட்டு மட்டும் நிற்கும். களவாணியைத் திட்டவும் செய்யலாம், கொஞ்சவும் செய்யலாம். அவள் இன்னும் அவனைக் கைவிடவில்லை.